சாண எரிவாயுக் கலனுக்கு அளவு முடிவு செய்வது: சாணக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கலன் கட்ட நினைப்பவர்களும், கட்டிவிட்டு கேஸ் போதவில்லை என்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். எல்லாம் வீட்டு அளவுக் கலனுக்கு, மாட்டுச் சாணத்துக்கு மட்டும் பொருந்தும் கணக்கு.

"ரெண்டு கன மீட்டர் பிளான்ட்னு சொல்றாங்களே, அது தொட்டியோட அளவா, கேஸோட அளவா?"

கேஸின் அளவு. ஒரு நாளில் அந்தக் கலன் தர வேண்டிய எரிவாயு 2 கன மீட்டர், அதாவது 2,000 லிட்டர் என்று பொருள். தரைக்குக் கீழே கட்டும் தொட்டி இதைவிடப் பெரிதாக இருக்கும். எவ்வளவு பெரிது என்பது ஊரின் வெப்பத்தையும் நாம் ஊற்றும் தண்ணீரையும் பொறுத்தது. அதற்குக் கீழே ஐந்தாவது கேள்வியில் கணக்கு இருக்கிறது.

கொத்தனாரிடம் பேசும்போது இந்த இரண்டையும் பிரித்துக் கேளுங்கள். "2 கன மீட்டர்" என்பதைத் தொட்டியின் கொள்ளளவு என்று எடுத்துக்கொண்டு குழி வெட்டினால், கலன் தேவையில் பாதியாகத்தான் அமையும்.

"எங்ககிட்ட நாலு மாடு இருக்கு. எத்தனை கன மீட்டர் போடலாம்?"

மாட்டின் எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு ஒன்று உண்டு: பசு நாளுக்கு 10 கிலோ, எருமை 15 கிலோ, கன்று 5 கிலோ சாணம் போடும் என்பார்கள். முதல் மதிப்பீட்டுக்கு அது சரி. ஆனால் தொழுவத்திலேயே கட்டி வைத்துத் தீனி போடும் பெரிய கலப்பினப் பசு அதைவிட நிறையப் போடும். காலையில் அவிழ்த்துவிட்டு மாலையில் கட்டும் நாட்டு மாட்டின் சாணத்தில் பாதி மேய்ச்சல் காட்டிலேயே போய்விடும்.

அதனால் எடை போட்டுப் பாருங்கள். ஒரு வாரம், தினமும் காலை மாலை அள்ளும் சாணத்தைக் கூடையோடு தொங்கு தராசில் நிறுத்து, கூடையின் எடையைக் கழித்து எழுதி வையுங்கள். சிந்திய தீவனம், வைக்கோல், மண் கலந்ததைத் தள்ளிவிட்டு நிறுக்க வேண்டும். வாரக் கூட்டுத்தொகையை ஏழால் வகுத்தால் கிடைப்பதுதான் உங்கள் கணக்கின் அடிப்படை.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம், கீழே எல்லாக் கணக்கையும் இதை வைத்தே போடலாம். தொழுவத்திலேயே நிற்கும் கலப்பினப் பசு இரண்டு, தலைக்கு 18 கிலோ. பகலில் மேயப் போகும் நாட்டுப் பசு ஒன்று, வீட்டில் கிடைப்பது 6 கிலோ. கிடாரி ஒன்று, 8 கிலோ. மொத்தம் 50 கிலோ. பொதுக் கணக்கில் போட்டிருந்தால் 35 கிலோ என்று வந்திருக்கும். வித்தியாசம் சின்னதல்ல.

"50 கிலோ சாணத்துக்கு எவ்வளவு கேஸ் வரும்?"

ஒரு கிலோ புதுச் சாணத்துக்குச் சுமார் 40 லிட்டர். அப்படியானால் 50 கிலோவுக்கு 2,000 லிட்டர், அதாவது 2 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 25 கிலோ என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இந்த 40 லிட்டர் எப்போதும் கிடைக்கும் எண் அல்ல. சாணம் அன்றைக்குப் போட்டதாக இருக்க வேண்டும், கரைசல் சரியான பதத்தில் இருக்க வேண்டும், தொட்டிக்குள் போதிய நாள் தங்க வேண்டும், வெப்பம் 25 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் கேஸ் குறையும். வெயிலில் இரண்டு நாள் கிடந்து காய்ந்த சாணத்தில் கொஞ்சம் சத்து ஏற்கெனவே போயிருக்கும்.

"தண்ணி எவ்வளவு ஊத்தணும்? ஒண்ணுக்கு ஒண்ணுன்னு சொல்றாங்க, ஏன் அப்படி?"

ஆமாம், ஒரு கிலோ சாணத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர். காரணம் சாணத்தில் இருக்கும் திடப்பொருள். புதுச் சாணத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் தண்ணீர்தான். மீதி 18 சதவீதம் அளவுக்குத் திடப்பொருள். கலனுக்குள் போகும் கரைசலில் திடப்பொருள் 8 முதல் 10 சதவீதம் இருந்தால் நுண்ணுயிர்கள் நன்றாக வேலை செய்யும், கரைசலும் குழாயில் தடையில்லாமல் இறங்கும். 18-ஐ 9 ஆக்க வேண்டுமென்றால் அதே அளவு தண்ணீர் சேர்க்க வேண்டும். ஒன்றுக்கு ஒன்று என்பது இப்படி வந்ததுதான்.

நம் வீட்டுக் கணக்கில் 50 கிலோ சாணத்தில் திடப்பொருள் 9 கிலோ. 50 லிட்டர் தண்ணீர் சேர்த்தால் மொத்தம் 100 கிலோ, அதில் 9 சதவீதம். சாணக் கரைசலின் ஒரு கிலோ ஏறக்குறைய ஒரு லிட்டர் இடம் பிடிக்கும் என்பதால், நாள்தோறும் உள்ளே போவது 100 லிட்டர் என்று எடுத்துக்கொள்ளலாம். இந்த 100 லிட்டரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இனி எல்லாமே இதைச் சுற்றித்தான்.

"சரி, தொட்டியோட கொள்ளளவை எப்படிக் கணக்குப் போடறது?"

ஒரே ஒரு பெருக்கல்தான்:

நாள்தோறும் போகும் கரைசல் (சாணம் + தண்ணீர்) × தொட்டியில் தங்க வேண்டிய நாட்கள் = கரைசலுக்கு வேண்டிய இடம்

தொட்டி எப்போதும் நிறைந்தே இருக்கும். இன்றைக்கு ஒரு பக்கம் 100 லிட்டர் ஊற்றினால், மறுபக்கம் பழைய கரைசல் 100 லிட்டர் வெளியேறும். இன்று போன சாணம் வெளியே வருவதற்கு 40 நாள் ஆக வேண்டுமென்றால், தொட்டியில் 40 நாள் வரத்து நிற்க இடம் வேண்டும். 100 × 40 = 4,000 லிட்டர், அதாவது 4 கன மீட்டர்.

இதற்கு மேல் கேஸ் தங்க இடம் வேண்டும். அது தனிக் கணக்கு, பதினோராவது கேள்வியில் வருகிறது. அசையாத குவிந்த கூரையோடு கட்டும் தீனபந்து என்ற மாதிரியில் நாளொன்றுக்கு வரும் கேஸில் மூன்றில் ஒரு பங்கு தங்கும்படி கட்டுவார்கள். நம் வீட்டுக்கு அது சுமார் 660 லிட்டர். ஆக, கூரையோடு சேர்த்து உள்ளே 4.66 கன மீட்டர். "2 கன மீட்டர் பிளான்ட்" என்பதன் உண்மையான வயிறு இவ்வளவு.

"30 நாள்னு ஒருத்தர் சொல்றார், 40ன்னு ஒருத்தர், 55ன்னு இன்னொருத்தர். எதைத்தான் எடுக்கறது?"

மூன்றுமே சரிதான், ஊர்தான் வேறு. மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் சுறுசுறுப்பாக இருக்கும். 20-க்குக் கீழே மந்தமாகும், 10-ஐத் தொட்டால் ஏறக்குறைய நின்றுவிடும். வெப்பம் குறைந்த ஊரில் அதே வேலைக்கு அதிக நாள் வேண்டும். இந்தியாவில் இதற்காக மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள்: ஆண்டு முழுதும் வெதுவெதுப்பான தென் மாநிலச் சமவெளிகளுக்கு 30 நாள், குளிர்காலம் உள்ள சமவெளிகளுக்கு 40 நாள், மலைப்பகுதிகளுக்கு 55 நாள்.

நம் வீட்டுக் கணக்கில் 30 நாளுக்கு 3,000 லிட்டர், 40 நாளுக்கு 4,000 லிட்டர், 55 நாளுக்கு 5,500 லிட்டர். மதுரையிலோ திருச்சியிலோ 30 நாள் ஏட்டுக் கணக்குக்குப் போதும். ஆனாலும் தமிழ்நாட்டுச் சமவெளியில் 40 நாளுக்குக் கட்டச் சொல்வதுதான் என் வழக்கம். மார்கழி, தை மாத இரவுகள் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எந்த வீட்டிலும் தண்ணீர் அளந்து ஊற்றப்படுவதில்லை என்பது. அந்தப் பத்து நாள் கூடுதல் இடம் அதற்கான ஈடு. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் 55-க்குக் குறைக்கவே கூடாது.

"தண்ணி கொஞ்சம் கூடப் போனா என்ன? கலன் பெருசாத்தானே இருக்கு."

கேஸ் குறைவு என்று வரும் புகார்களில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். தண்ணீரிலிருந்து கேஸ் வராது. ஆனால் தண்ணீரும் இடம் பிடிக்கும். நம் வீட்டில் 50 கிலோ சாணத்துக்கு 50 லிட்டருக்குப் பதில் 100 லிட்டர் ஊற்றுகிறார்கள் என்று வையுங்கள். தினம் போவது 150 லிட்டர். 4,000-ஐ 150-ஆல் வகுத்தால் 27 நாள் கூட இல்லை. 40 நாளுக்குக் கட்டிய தொட்டி, இந்த ஒரு தவறில் 27 நாள் தொட்டியாகிவிட்டது. சாணம் பாதி செரித்த நிலையில் வெளியே தள்ளப்படுகிறது. அதில் இருந்த கேஸ், வெளியேறும் கரைசல் சேரும் ஸ்லரிக் குழியில் யாருக்கும் பயன்படாமல் போகிறது.

இன்னொரு கெடுதலும் உண்டு. திடப்பொருள் 9 சதவீதத்திலிருந்து 6 ஆக இறங்கிவிட்டதால் கரைசல் ஒன்றாக நிற்காது. கனமானது அடியில் படியும், நார் மேலே மிதந்து ஆடையாகக் கட்டும், நடுவில் வெறும் தண்ணீர் ஓடும். மேலே கட்டிய ஆடை கெட்டியானால் கேஸ் அதைத் துளைத்துக்கொண்டு வரச் சிரமப்படும். அடியில் படிந்தது வருடக்கணக்கில் அங்கேயே கிடந்து, தொட்டியின் கொள்ளளவைத் தின்றுகொண்டே இருக்கும்.

ஒரு நாள், இரண்டு நாள் கூடக் குறையப் போவதால் ஒன்றும் ஆகாது. தினப்படிப் பழக்கம்தான் பிரச்சினை. கலவைத் தொட்டியின் உள்சுவரில் 50 லிட்டர் மட்டத்துக்கும் 100 லிட்டர் மட்டத்துக்கும் பூசும்போதே கோடு போட்டுவிடுங்கள். முதல் கோடு வரை சாணம், இரண்டாவது கோடு வரை தண்ணீர். வீட்டில் யார் கரைத்தாலும் அளவு மாறாது.

"தொழுவம் கழுவற தண்ணி நேரா கலனுக்குப் போற மாதிரி வாய்க்கால் போட்டா வேலை மிச்சம்தானே?"

வேலை மிச்சம்தான், ஆனால் கலன் வீணாகும். ஓஸ் குழாய் வைத்து நாலு மாட்டுத் தொழுவத்தைக் கழுவினால் 300 லிட்டர் சர்வசாதாரணமாகப் போகும். 50 கிலோ சாணத்தோடு சேர்த்து 350 லிட்டர். முந்தைய கேள்வியில் செய்த அதே வகுத்தல்: 4,000 ÷ 350, பதினோரு நாள்தான் வருகிறது. அந்த வேகத்தில் சாணம் மட்டுமல்ல, மெதுவாகப் பெருகும் மீத்தேன் நுண்ணுயிர்களும் பெருகுவதற்குள் அடித்துக்கொண்டு போய்விடும். அப்புறம் கேஸ் வந்தாலும் எரியாது.

அந்த 350 லிட்டரையும் 40 நாள் நிறுத்த வேண்டுமென்றால் 14,000 லிட்டர் தொட்டி வேண்டும். அவ்வளவு செலவு செய்தாலும் கிடைக்கப்போவது அதே 50 கிலோ சாணத்தின் கேஸ்தான். அதனால் சாணத்தை முதலில் கையால் அள்ளிக் கலவைத் தொட்டியில் போடுங்கள், பிறகு தரையைக் கழுவுங்கள், கழுவிய தண்ணீரைத் தீவனப்புல் பாத்திக்கு விடுங்கள். கரைக்க வேண்டிய 50 லிட்டரை மட்டும் அந்தக் கழுவு தண்ணீரிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதில் பினாயிலோ சோப்போ பிளீச்சிங் பவுடரோ கலந்திருக்கக் கூடாது. மூத்திரம் கொஞ்சம் கலந்திருந்தால் பரவாயில்லை.

"வெயில் காலத்துல தண்ணிக்கே கஷ்டம். குறைச்சு ஊத்தலாமா?"

கொஞ்சம் குறைக்கலாம், பாதியாக்கக் கூடாது. 50 கிலோவுக்கு 25 லிட்டர் மட்டும் ஊற்றினால் திடப்பொருள் 12 சதவீதமாகும். வகுத்துப் பார்த்தால் தங்கும் நாள் 53 என்று வரும், லாபம் போலத் தெரியும். ஆனால் அவ்வளவு கெட்டியான குழம்பு சாதாரணத் தீனபந்துவின் உள்குழாயில் சரியாக இறங்காது, வாயிலேயே அடைத்துக்கொள்ளும். உள்ளே போனதும் பரவாது. கேஸ் குமிழ்களும் சிக்கி நிற்கும். கெட்டிச் சாணத்துக்கென்றே அகலமான உள்குழாயோடு மாற்றி அமைத்த கலன்கள் இருக்கின்றன. தண்ணீர் பஞ்சம் நிரந்தரமான ஊரில் கட்டுவதற்கு முன்பே அதை யோசிக்க வேண்டும், கட்டியபின் மாற்ற முடியாது.

வெயில் காலத்தில் எதிர்ப்பக்கமாகவும் ஒன்று நடக்கும். பச்சைத் தீவனம் குறைந்து வைக்கோலே தீனியாகும்போதும், அள்ளத் தாமதமாகும்போதும் சாணம் இறுகிவிடும். எடை குறைந்திருக்கும், திடப்பொருள் அப்படியே இருக்கும். 30 சதவீதம் திடப்பொருள் உள்ள காய்ந்த சாணம் 30 கிலோ இருந்தால், அதிலும் அதே 9 கிலோதான் திடம். அதற்கு 70 லிட்டர் ஊற்றினால்தான் பழைய 100 லிட்டர் கரைசல் வரும். அங்கே "ஒன்றுக்கு ஒன்று" என்று 30 லிட்டர் ஊற்றினால் கெட்டியாகிவிடும். மாற்றக் கூடாதது மொத்தக் கரைசலின் பதம்.

தண்ணீர் மிச்சப்படுத்த, வெளியே வந்த ஸ்லரியின் தெளிந்த நீரில் ஒரு பங்கைத் திரும்பக் கரைக்கப் பயன்படுத்தலாம். பாதிக்கு மேல் வேண்டாம். அதையே மாதக்கணக்கில் சுழற்றினால் உப்பும் அம்மோனியாவும் ஏறும்.

"பதம் சரியா இருக்கான்னு கண்ணால பார்த்துச் சொல்ல முடியுமா?"

முடியும். கரைத்து முடித்ததும் கையை முக்கி எடுங்கள். இட்லி மாவு போல விரல்களில் மெல்லிய படலமாக ஒட்டி, மெதுவாக வழிய வேண்டும். உடனே வழிந்து தோல் தெரிந்தால் தண்ணீர் அதிகம். கட்டியாக அப்பிக்கொண்டால் குறைவு. கட்டிகள் இல்லாமல் கையாலோ துடுப்பாலோ உடைத்து, நார்களை எடுத்துவிட்டுத்தான் அடைப்பைத் திறக்க வேண்டும்.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் 100 கிராம் புதுச் சாணத்தைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, எடை மேலும் குறையாத வரை நன்றாகக் காயவைத்து நிறுத்துப் பாருங்கள். மீதி 18 கிராம் என்றால் திடப்பொருள் 18 சதவீதம். நகைக்கடைத் தராசு போலச் சிறு எடை காட்டும் தராசு இதற்கு வேண்டும்.

"வீட்டுல ஆறு பேர். ரெண்டு கன மீட்டர் போதுமா?"

சமையலுக்கு ஆளுக்கு நாளொன்றுக்குக் கால் கன மீட்டரிலிருந்து 0.3 கன மீட்டர் வரை ஆகும். ஆறு பேருக்கு 1.5 முதல் 1.8. ஆக, 2 கன மீட்டர் போதும். மணிக்கு 0.45 கன மீட்டர் எரிக்கும் அடுப்பு ஒன்று நாலரை மணி நேரம் எரியும். சிலிண்டர் கணக்கில், ஒரு கன மீட்டர் சாண எரிவாயு ஏறக்குறைய 0.45 கிலோ எல்.பி.ஜி.க்குச் சமம். நாள்தோறும் 2 கன மீட்டர் முழுதாக வந்தால் மாதத்துக்கு 27 கிலோ, 14.2 கிலோ சிலிண்டர் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு.

ஆனால் கேஸ் போதுமா என்பது எப்போது எரிக்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது. கேஸ் 24 மணி நேரமும் ஒரே சீராக ஊறும், மணிக்குச் சுமார் 83 லிட்டர். இரவு 8 மணிக்கு அடுப்பை அணைத்து, காலை 6 மணிக்குப் பற்றவைத்தால், நடுவில் பத்து மணி நேரத்தில் 830 லிட்டர் சேரும். மூன்றில் ஒரு பங்கு சேமிப்பு என்றால் இடம் 660 லிட்டருக்குத்தான். மீதி கேஸ் கரைசலைத் தள்ளிக்கொண்டு வாய் வழியாகக் குமிழிட்டு வெளியேறிவிடும். விடியற்காலையில் உள்வாயிலோ வெளிவாயிலோ குமிழ்கள் கொப்பளித்தால் இதுதான் காரணம்.

அதனால் காலை, மாலை என இரண்டே வேளை மட்டும் சமைக்கும் வீட்டுக்குச் சேமிப்பு இடத்தை ஒரு நாள் கேஸில் பாதியாக, அதாவது 1,000 லிட்டராக வைத்துக்கொள்வது நல்லது. மதியமும் அடுப்பு எரிந்து, இரவிலும் எட்டு மணி நேரத்துக்கு மேல் அணைந்திருக்காத வீட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். தீனபந்துவில் சேமிப்பு என்பது கேஸ் தள்ளும் கரைசல் ஏறி நிற்கும் வெளித்தொட்டியின் அளவையும் பொறுத்தது. கூரையை மட்டும் உயர்த்தி, வெளித்தொட்டியைச் சிறிதாகக் கட்டினால் பலனில்லை. கதர் ஆணைய மாதிரியில் இரும்பு டிரம் மேலே ஏறி இறங்குவதால் எவ்வளவு கேஸ் இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும்.

"எப்படியும் பின்னால மாடு வாங்குவோம். இப்பவே நாலு கன மீட்டரா கட்டிடலாமே?"

மாடு வாங்குவது நிச்சயமில்லை என்றால் வேண்டாம். தொட்டியை இரட்டிப்பாக்கினால் சாணம் 80 நாள் தங்கும். முதல் 40 நாளிலேயே கேஸின் பெரும்பகுதி வந்துவிடும், அடுத்த 40 நாளில் கிடைப்பது சொற்பம். அதாவது 4 கன மீட்டர் கலனில் 50 கிலோ போட்டால் 2-க்குச் சற்றே மேல்தான் கேஸ் வரும்.

தீனபந்துவில் இன்னொரு சங்கடம், அழுத்தம். வெளித்தொட்டியில் கரைசல் எவ்வளவு உயரம் ஏறி நிற்கிறதோ அதுதான் கேஸை அடுப்புக்குத் தள்ளும். அகலமான வெளித்தொட்டியில் குறைவான கேஸ் தள்ளினால் மட்டம் கொஞ்சம்தான் உயரும். அடுப்பில் தீ துவண்டு எரியும். "கலன் பெரிசு, கேஸ் வேகமே இல்லை" என்ற புகாரின் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

இன்று கன்றாக நிற்பது அடுத்த வருடம் பசுவாகும் என்பது போன்ற, தொழுவத்தில் ஏற்கெனவே இருக்கும் வளர்ச்சியை மட்டும் கணக்கில் சேருங்கள். 50 கிலோ 60 ஆனாலும் 4,000 லிட்டர் தொட்டியில் 33 நாள் தங்கும். சமவெளியில் அது போதும். அதற்கு மேல் மாடு பெருகினால் இரண்டாவது கலன் கட்டுவதே மேல்.

"முதல் தடவை நிரப்ப எவ்வளவு சாணம் வேணும்?"

தொட்டி முழுக்க. நம் வீட்டுக்கு 4,000 லிட்டர் கரைசல், அதாவது 2,000 கிலோ சாணம், 2,000 லிட்டர் தண்ணீர். வீட்டுச் சாணம் மட்டும் என்றால் 40 நாள் சேர்க்க வேண்டும். அதனால் கொத்து வேலை நடக்கும்போதே நிழலில் குவித்து, ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். அக்கம்பக்கத்திலும் கேட்டு வாங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கலனிலிருந்து சில பீப்பாய் ஸ்லரி கொண்டுவந்து கலந்தால் நுண்ணுயிர் சீக்கிரம் பெருகும்.

கேஸ் வால்வைத் திறந்து வைத்து நிரப்ப வேண்டும். நிரப்பியபின் கேஸ் எரியத் தொடங்கும் வரை தினப்படிச் சாணம் போடக் கூடாது. நம் வெப்பத்தில் இரண்டு மூன்று வாரம் ஆகலாம். முதலில் சேர்வதில் காற்றும் கரியமில வாயுவும்தான் அதிகம். அதை எரிக்க முயலாமல் வெளியே விடுங்கள். சோதிப்பதை அடுப்படியில் மட்டும் செய்யுங்கள், கலன் பக்கத்தில் தீக்குச்சி கொளுத்தவே கூடாது.

"கணக்குப்படியே போடறோம். முதல் மூணு வருஷம் நல்லா வந்துச்சு, இப்ப பாதிதான் வருது. ஏன்?"

முதலில் வெளியே வரும் ஸ்லரியைப் பாருங்கள். நன்றாகச் செரித்த ஸ்லரியில் சாண நாற்றம் இருக்காது, ஈ அதிகம் மொய்க்காது. பச்சைச் சாணம் போலவே நாறினால், சாணம் போதிய நாள் தங்காமல் வெளியேறுகிறது. ஸ்லரி சரியாக இருந்து அடுப்பில் மட்டும் கேஸ் இல்லையென்றால், குழாய் இணைப்புகளிலும் கூரையின் மேல்புறத்திலும் சோப்பு நுரை தடவிக் கசிவைத் தேடுங்கள். தீ விட்டு விட்டு எரிந்தால் குழாயில் தண்ணீர் தேங்கியிருக்கும், தண்ணீர் வடிப்பானைத் திறந்துவிட்டாலே போதும்.

பச்சை நாற்றம் வந்து, தண்ணீர் அளவும் சரியாக இருந்தால், தொட்டி சுருங்கிவிட்டது என்று பொருள். மண் தரைத் தொழுவத்தில் வழித்து அள்ளும் சாணத்தோடு நாளுக்கு அரை லிட்டர் மணல் போனால், வருடத்துக்கு 180 லிட்டர். மூன்று வருடத்தில் 540 லிட்டர் மணல் அடியில் கிடக்கும். 4,000 லிட்டர் தொட்டி 3,460 ஆகிவிட்டது, மேலே கட்டிய ஆடை இன்னும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். கலவைத் தொட்டியில் கரைத்தபின் சில நிமிடம் விட்டு, அடியில் தங்கும் மணலை விட்டுவிட்டு மேலேயிருப்பதை மட்டும் இறக்கினால் இது பெருமளவு தடுக்கப்படும்.

ஏற்கெனவே படிந்ததை எடுக்கத் தொட்டிக்குள் ஆள் இறங்கக் கூடாது. உள்ளே இருக்கும் வாயு சில நொடிகளில் மயக்கம் தந்து உயிரைப் பறிக்கும். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறந்த விபத்துகள் நிறைய. காலி செய்து, பல நாள் திறந்து போட்டு, காற்று செலுத்தி, கயிறு கட்டி, பழகிய ஆட்களை வைத்துச் செய்ய வேண்டிய வேலை அது.

"எங்க ஊர்ல அறுப்பு முடிஞ்சா மாடுங்க காட்டுலயே மேயும். ஒரு மாசம் 65 கிலோ, ஒரு மாசம் 30 கிலோதான். எதை வெச்சு அளவு போடறது?"

வருடத்தில் எட்டு ஒன்பது மாதம் எது கிடைக்கிறதோ அதை வைத்து. இரண்டாவது கேள்வியில் சொன்ன ஒரு வார எடையை வருடத்தில் மூன்று பருவத்தில் எடுத்தால் இது தெளிவாகத் தெரியும். பெரும்பாலான மாதம் 50 கிலோ என்றால் 50-க்கே, 4,000 லிட்டருக்கே கட்டுங்கள்.

30 கிலோ மாதங்களில் தண்ணீரையும் 30 லிட்டராகக் குறையுங்கள். மட்டம் குறையுமோ என்று பயந்து பழையபடி 50, 70 லிட்டர் ஊற்றுகிறார்கள், அது ஏழாவது கேள்வியில் சொன்ன அதே கெடுதல். 60 லிட்டர் உள்ளே போனால் 60 லிட்டர் வெளியேறும், மட்டம் அப்படியேதான் இருக்கும். கேஸ் 1.2 கன மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும், ஒரு வேளைச் சமையலை விறகுக்கோ சிலிண்டருக்கோ மாற்ற வேண்டியிருக்கும்.

65 கிலோ வரும் மாதம் வெயில் காலமாக இருந்தால் முழுவதையும் போடலாம். 130 லிட்டர் கரைசல் 31 நாள் தங்கும், அந்த வெப்பத்துக்கு அது சரிப்படும். அதே 65 கிலோ மார்கழியில் வந்தால் 50-ஐ மட்டும் போட்டு, மீதி 15 கிலோவை எருக்குழிக்கு அனுப்புங்கள்.